மன்னாருக்கு மேற்கே மலை எங்கே? கொப்பியை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தபோது பிடிபட்டவை

உயர்தரத்தில் முதல் தடவை புவியியலுக்கு எனக்கு ‘எஸ்’ தான் வந்தது. கொப்பியைத் தொடாமல் விட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆனால் நான் வாசித்தவன். காலநிலைப் பாடத்தை மட்டும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டு ஏழெட்டுத் தடவை வாசித்திருப்பேன். மண்டபத்தில் வினாவைக் கண்டதும் அது கொப்பியில் வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த நிறக் கோட்டுக்குக் கீழே என்பதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. எழுத வந்தது நாலு வரி. ‘ஏன்’ என்று கேட்ட இடத்தில் ‘என்ன’ என்பதை எழுதிவிட்டு எழும்பி வந்தேன்.

இரண்டாம் தடவைக்கு ஒரு வருடம் போனது. மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்குச் சனிக்கிழமைகளில் ரியூசன், மாதம் 1,500 ரூபா, பத்து மாதம். பஸ்சுக்கும் போட்டோக்கொப்பிக்கும் இன்னொரு 15,000. மொத்தம் 30,000 ரூபா, அம்மா ஒரு பசுவை விற்ற காசு. அந்த வருடத்திலும் முதல் ஐந்து மாதம் பழைய வாசிப்பையே திருப்பிச் செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆறாம் மாதம்தான் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். ‘சொல்லிப் பார்’ என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படிச் சொல்வது, தடக்கிய இடத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அதை ஒரே ஒரு பாடத்தை வைத்து, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பாடம் இதுதான்: தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் ஏன் காய்கிறது?

முதலில் அளவு. ‘இலங்கையின் காலநிலை’ என்று ஒரு முழு அலகை எடுத்துச் சொல்லத் தொடங்கினால் தெரிந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்போம். ஒரு தடவைக்கு ஒரு ‘ஏன்’ போதும், பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதாக. அந்தக் கேள்வியை ஒரு வெற்றுத்தாளின் தலையில் எழுதிக்கொண்டேன். தாளில் வேறு எழுத்து இருக்கக்கூடாது, ஆனால் படம் கீறலாம். இந்தப் பாடத்துக்கு இலங்கையின் வெளிக்கோட்டைக் கையால் கீறி, மலைநாட்டுக்கு ஒரு வட்டம் போட்டால் சரி. கொப்பி வீட்டுக்குள், நான் முற்றத்துப் பாலை மரத்தடியில். பக்கத்தில் இருந்தால் கை போகும். போன் பறக்கும் நிலையில், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். (என் முதல் பதிவு பாழ். யூலை மாதம், நான் எந்தக் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனோ அதே காற்றுத்தான் முழுக்க இரைந்தது. பிறகு போனை ஒரு துவாய்க்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.)

நேரத்தில் ஒரு பிழை விட்டேன். வாசித்து முடித்த கையோடு சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடியது. அது விளங்கினதால் ஓடவில்லை. வசனம் காதுக்குள் இன்னும் சுடச்சுட இருந்ததால் ஓடியது. 2006 இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைக் கொடுத்து, சிலரைத் திரும்ப வாசிக்கவும் சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் விட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னுக்கு வந்தார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே இரவு வாசித்தால் அடுத்த நாள் காலை, முகம் கழுவிவிட்டு, கொப்பியை ஒரு தடவைகூடப் புரட்டாமல் சொல்லத் தொடங்க வேண்டும். அப்போதுதான் உண்மையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். நிறைய மிஞ்சாது. முதல் நாள் அது வயிற்றைக் கலக்கும்.

அந்தக் காலை நான் சொன்னது ஏறக்குறைய இப்படி: “தென்மேற்குக் காற்று கடலில இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருது. மத்திய மலைநாடு அதைத் தடுக்குது. காற்று மேல ஏறுது, குளிருது, ஒடுங்குது, மழை பெய்யுது. அங்கால இறங்கேக்க ஈரம் இல்லை. அதால வன்னிக்கும் கிழக்குக்கும் வறண்ட, சூடான காற்று வருது. நாங்கள் மழை ஒதுக்குப் பிரதேசம்.” நாற்பது வினாடி. பத்து நிமிடத்துக்கு என்று உட்கார்ந்தவனுக்கு நாற்பது வினாடியில் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தப் பதில் உங்களுக்கும் சரியாகத்தான் படும். அதுதான் ஆபத்து. அதில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஒன்று முழுப் பிழை.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பேனையை எடுத்துக்கொண்டு பதிவைக் கேட்க வேண்டும். பேசும்போது நமக்கு ஒன்றும் தெரியாது, கேட்கும்போதுதான் தெரியும். குரல் தானாகவே காட்டிக்கொடுக்கும். விளங்கின இடத்தில் வசனம் முடிந்து மூச்சு விடுவோம். விளங்காத இடத்தில் வேகம் கூடும், ‘அதால’, ‘அப்பிடியே’, ‘வந்து’ என்ற சொற்கள் வரிசையாக வரும். என் பதிவில் ‘மேல ஏறுது, குளிருது, ஒடுங்குது’ என்ற மூன்று சொல்லையும் ஒரே மூச்சில், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லியிருந்தேன். அப்படி ஓடும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு ‘ஏன்’ போட்டுப் பார்க்க வேண்டும். ஏறினால் ஏன் குளிர வேண்டும்?

எனக்கு வந்த பதில், “மேல குளிர்தானே.” அதைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அது ஒரு பதிலே இல்லை என்று பட்டது. நுவரெலியாவில் ஏன் குளிர்? உயரம் என்பதால். உயரத்தில் ஏன் குளிர்? நுவரெலியா மாதிரி என்பதால். இதுதான் முதல் ஓட்டை: பெயர் தெரியும், நடக்கும் காரியம் தெரியாது.

இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால், முழு அலகையும் முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசிப்பார்கள். நானும் இரண்டு தடவை அப்படிச் செய்து ஒரு கிழமையை வீணாக்கினேன். தெரிந்ததைத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், ஓட்டை அப்படியே கிடக்கும். புத்தகத்தைத் திறக்கு முன்னர் கேள்வியை எழுத வேண்டும்: ‘மேலெழும் காற்று ஏன் குளிர்கிறது?’ அந்தக் கேள்விக்கு விடை இருக்கும் பந்தியை மட்டும் வாசித்து, மூடிவிட வேண்டும். விடை இதுதான். மேலே போகப்போகக் காற்றின் அமுக்கம் குறைவு. அமுக்கம் குறைந்த இடத்துக்குப் போன காற்று விரிகிறது. விரிவதற்குச் சக்தி வேண்டும், வெளியிலிருந்து வெப்பம் கிடைக்காததால் தன்னிடம் இருக்கும் சக்தியைச் செலவழிக்கிறது, அதனால் அதன் வெப்பநிலை இறங்குகிறது. இறங்கும் காற்றுக்கு இதன் மறுபக்கம்: அமுங்குகிறது, சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதும், வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று விரலில் குளிர்வதும் இதுதான். (பம்பில் உராய்வுச் சூடும் கொஞ்சம் சேரும் என்பது வேறு.) புத்தகத்தை மூடிவிட்டு இந்த ஒரு துண்டை மட்டும், பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடம் சொன்னேன். முழுப் பாடத்தையும் அப்போதே திரும்பச் சொல்லவில்லை. அது அடுத்த நாளுக்கு.

அடுத்த நாள் காலை முதல் ஓட்டை இல்லை. பேச்சு நாலு நிமிடத்துக்கு நீண்டது. இந்தத் தடவை இரண்டாவது ஓட்டை தலையைக் காட்டியது. ‘ஈரம் இல்லாததால காற்று சூடா இருக்கு’ என்று சொல்லியிருந்தேன். நேற்று நிரப்பிய துண்டு இன்று இதை இடித்தது: ஏறும்போது விரிந்து குளிர்கிறது, இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது என்றால், போன அளவுக்கே திரும்பி வர வேண்டும் அல்லவா? மேற்கில் 28 பாகையில் ஏறிய காற்று கிழக்கில் 28 பாகையில்தானே இறங்க வேண்டும்? மேலதிகச் சூடு எங்கிருந்து வந்தது? தெரிந்த இரண்டு தகவல்களுக்கு நடுவில் பாலம் இல்லை. இந்த வகை ஓட்டை வாசிக்கும்போது கண்ணில் படாது, ஏனென்றால் இரண்டு தகவலும் கொப்பியில் சரியாகவே எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு இலக்கம் போட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். ஒடுங்கல் தொடங்காத காற்று 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை குளிரும். முகில் உருவாகத் தொடங்கியபின் அதே உயரத்துக்கு ஏறக்குறைய 6 பாகைதான் குளிரும், ஏனெனில் நீராவி நீர்த்துளியாக மாறும்போது மறைவெப்பத்தை வெளிவிட்டு, குளிர்வதைக் கொஞ்சம் ஈடுசெய்கிறது. (6 என்பது வசதிக்கான இலக்கம். சூடான, ஈரம் கூடிய காற்றில் இதைவிடக் குறையும்.) இப்போது காற்றைக் கடல்மட்டத்தில் 28 பாகையில் தொடக்குவோம். 1000 மீற்றரில் 18. அங்கே முகில் கட்டத் தொடங்குகிறது என்று வைத்தால், 2000 மீற்றரில் 12. மலையின் உச்சியைத் தாண்டுகிறது. நீரில் பெரும்பகுதி மேற்குச் சரிவில் மழையாக விழுந்துவிட்டது, ஆகவே இறங்கும்போது ஆவியாவதற்கு முகில் இல்லை, 2000 மீற்றரும் 10 பாகை வீதத்திலேயே சூடாகிறது. அடியில் 32. அந்த நாலு பாகை எங்கிருந்து வந்தது என்பதற்கு இப்போது விரலை வைத்துக் காட்டலாம்: 1000 முதல் 2000 மீற்றர் வரை ஏறும்போது நீராவி கொடுத்த மறைவெப்பம். வட்டவளைப் பக்கம், வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் சரிவில், தண்ணீர் கீழே விழுந்துவிட்டது. அது விட்ட வெப்பம் காற்றோடு மலை தாண்டி வந்துவிட்டது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அந்தச் சுடுகாற்றின் கதை இதுதான்.

இதை நான் யாருக்காவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், தவறான ஆளைத் தெரிந்தெடுத்தேன். என்னோடு படித்த கூட்டாளி. அவனுக்கும் அதே கொப்பி, அதே வசனம். நான் விட்டதை அவன் மனதுக்குள் நிரப்பிக்கொண்டு தலையாட்டினான். தலையாட்டுகிறவர் கேட்பவராக உதவமாட்டார். பாடம் தெரியாத, ஆனால் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். காற்றைப் பற்றி என்றால் கடலுக்குப் போகிறவர், மழையைப் பற்றி என்றால் காலபோகம் விதைக்கிறவர். மன்னாரிலிருந்து ஒரு சித்தப்பா வந்திருந்தார், தொழில் கடல். அவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன்: விளங்காத இடத்தில் நிற்பாட்டிக் கேளுங்கள், உதவி செய்யாதீர்கள்.

வட்டவளையும் மறைவெப்பமும் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சரி தம்பி, அப்ப மன்னாருக்கு? எங்களுக்கு மேற்கால கடல்தானே. சோளகம் நேர கடலாலதான் வருது. இடையில மலை எங்க கிடக்கு?” என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இதுதான் மூன்றாவது, முழுப் பிழை. நான் வன்னியை மழை ஒதுக்கு என்று இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன், எந்த இடத்திலும் தடக்கவில்லை, குரல் வேகம் கூடவில்லை, ‘வந்து’ வரவில்லை. உறுதியாகச் சொல்லும் பிழையை நமது பதிவு காட்டிக்கொடுக்காது. அதற்குப் புத்தகமோ, வேறொரு மனிதரோ, ஒரு வரைபடமோ வேண்டும்.

வரைபடத்தை எடுத்து அடிமட்டம் வைத்துப் பார்த்தோம். நீங்களும் வைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து தென்மேற்காக, 45 பாகையில், ஒரு கோடு கீறினால் அது மத்திய மலைநாட்டின் நடுவால், நுவரெலியாப் பக்கத்தால் போகும். அங்கே மழை ஒதுக்கு விளக்கம் பொருந்தும். மாங்குளத்திலிருந்து அதே சாய்வில் கீறினால் கோடு மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் கரையைக் கடந்து கடலுக்குள் இறங்கும். வழியில் ஒரு மலையும் இல்லை. மலைநாடு எங்களுக்கு நேர் தெற்கில் இருக்கிறது, காற்று வரும் வழியில் இல்லை.

அப்போ ஏன் மழை இல்லை? திரும்பவும் கேள்வியை எழுதி, அதற்கு மட்டும் விடை தேடினேன். விடை எனக்கு ஏற்கனவே தெரிந்ததற்குள்ளேயே கிடந்தது. மழைக்கு ஈரம் மட்டும் போதாது, ஈரக் காற்று உயர வேண்டும். உயர்ந்தால்தான் விரியும், குளிரும், ஒடுங்கும். மேற்குச் சரிவில் காற்றை உயர்த்துவது மலை. மன்னார்க் கரையும் அதற்குப் பின்னால் வன்னியும் தட்டை நிலம், காற்றை உயர்த்த அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே ஈரத்தோடு வந்த காற்று ஈரத்தோடேயே எங்கள் தலைக்கு மேலால் முல்லைத்தீவுக் கடலுக்குப் போய்விடுகிறது. உடலில் வறட்சியாகப் படுவதற்கு, காய்ந்த தரைக்கு மேலால் அது ஓடிச் சூடாவதும் காரணம். ஒரே காலம், ஒரே காற்று, ஒரே வறட்சி. மட்டக்களப்புக்குக் காரணம் மலை இருப்பது, மன்னாருக்குக் காரணம் மலை இல்லாதது. வன்னிப் பிள்ளைகள் விடைத்தாளில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘வடக்கும் கிழக்கும் மழை ஒதுக்கு’ என்று எழுதுவதை இப்போதும் பார்க்கிறேன். எழுதிய கையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கொப்பியில் அப்படித்தான் கிடக்கிறது.

சித்தப்பா இல்லாத நாட்களில் இந்த வகைப் பிழையைப் பிடிக்க நான் கண்ட வழி, நிபந்தனையை மாற்றிக் கேட்பது. விளக்கத்தில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மலையை எடுத்துவிட்டால் மேற்குக் கரையில் மழை கூடுமா குறையுமா? மழை விழாமல் முகில் அப்படியே மலையைத் தாண்டினால் மறுபக்கம் 32 பாகை வருமா? (வராது. இறங்கும்போது முகில் ஆவியாகி, விட்ட வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், 28க்குக் கிட்ட நிற்கும்.) காற்று வடகீழாக மாறினால் எந்தப் பக்கம் நனையும்? ‘மலை இல்லாவிட்டால்’ என்ற கேள்வியை நானாகக் கேட்டிருந்தால் மன்னார் அன்றே வந்திருக்கும்.

மூன்றாம், நாலாம் நாளில் வேறொரு சிக்கல் வந்தது. பேச்சு மிக நன்றாக ஓடத் தொடங்கியது. பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டபோது வசனங்களே ஒன்றாக இருந்தன, இருமல் வரும் இடம்கூட ஒன்று. பாடத்தை விட்டுவிட்டு என் பேச்சைப் பாடமாக்கியிருக்கிறேன். இது பழைய நோயேதான், கொப்பிக்குப் பதிலாக என் வாய். தொடங்கும் இடத்தை மாற்றுவதுதான் மருந்து. ஒரு நாள் மட்டக்களப்பின் சுடுகாற்றில் தொடங்கிப் பின்னோக்கி மேற்குக் கரைக்கு வர வேண்டும். இன்னொரு நாள் சைக்கிள் பம்பில் தொடங்க வேண்டும். பின்னோக்கிச் சொல்லும்போது பாலம் பலமில்லாத இடத்தில் உடனே தடக்கும். ஒரு பாடத்தை எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் மற்ற முனைக்குப் போக முடிந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எனக்கு இந்தப் பாடம் ஐந்து காலை எடுத்தது, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்கு உட்பட்டது. பிறகு ஒரு கிழமை விட்டு ஒரு தடவை, ஒரு மாதம் விட்டு ஒரு தடவை, புத்தகம் பார்க்காமல்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஓட்டைகளைக் கேள்வியாக மட்டும் எழுதி வைத்தேன், விடை எழுதவில்லை. விடை எழுதினால் கண் அதை வாசித்துவிட்டு ‘தெரியும்’ என்று சொல்லிவிடும். ‘ஏறும் காற்று ஏன் குளிர்கிறது? 28 ஏன் 32 ஆகிறது? மன்னாருக்கு மேற்கே மலை எங்கே?’ என்று மூன்று வரி. அடுத்த தடவை முழுப் பேச்சையும் சொல்ல நேரமில்லாவிட்டால் இந்த மூன்றுக்கும் மட்டும் வாயால் பதில் சொன்னால் போதும், ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முழுப் பேச்சும் முடிந்தபின்தான் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னர் பார்த்தால் ஓட்டை தெரியாது, பார்க்காமலே விட்டால் உறுதியான பிழை அப்படியே ஊறிவிடும். அப்படி ஒப்பிட்டபோது இன்னொன்றும் அகப்பட்டது. வன்னிக்கு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விழும் மழையை நான் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், ஊரில் எல்லாரும் அதை மாரி என்று ஒன்றாகச் சொல்வதால். பாடப்படி அந்த இரண்டு மாதமும் இரண்டாம் இடைப்பருவம். மழைக்குக் காரணம் பின்னேரத்து இடிமழையும் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும். வடகீழ்ப் பருவம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை. காலபோகத்து விதைப்பு மழையும் அதன்பின் பயிர் வளர்க்கும் மழையும் இரண்டு வேறு காரணத்தால் வருகின்றன. ஊர்ச்சொல் நமக்குக் கைகொடுக்கும், சில இடத்தில் காலையும் வாரிவிடும்.

இந்த முறை எட்டாத இடங்களும் உண்டு. ஈரவலயம் 2500 மில்லிமீற்றருக்கு மேல், உலர்வலயம் 1750க்குக் கீழ் என்பது போன்ற எல்லை இலக்கங்களுக்கு ‘ஏன்’ இல்லை, அவற்றைச் சின்னத் தாளில் எழுதித் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடமாக்கத்தான் வேண்டும். வரைபடத்தில் இடம் குறிப்பதை வாயால் பழக முடியாது, வெற்று வரைபடத்தில் கையால் குறிக்க வேண்டும். கணக்குப் பாடத்துக்கு, செய்யும் வழியைச் சொல்லலாம், ஆனால் சொன்னதால் மட்டும் விடை சரியாக வராது, கணக்கைச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாயால் சொல்ல முடிவதும் எழுத முடிவதும் ஒன்றல்ல. இதை நான் மிகப் பிந்தித்தான் உணர்ந்தேன், பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது. பத்து நிமிடம் அழகாகப் பேசிய பாடத்தை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. பேச்சில் கையை ஆட்டிக் காட்டியதெல்லாம் தாளில் வரவில்லை. அதன்பின் ஒவ்வொரு பாடத்தின் கடைசி நாளிலும், பேசி முடித்த கையோடு, மணிக்கூட்டை வைத்து இருபது நிமிடத்தில் விடையாக எழுதினேன். பிறகு பேச்சின் பதிவைப் போட்டுவிட்டு எழுதியதில் விடுபட்டதற்குச் சிவப்பால் கோடு போட்டேன். முதல் விடையில் மறைவெப்பம் என்ற சொல்லே இல்லை. வாயால் அதை நாலு தடவை சொல்லியிருந்தேன். படமும் விடுபட்டிருந்தது: மலை ஒன்று, இரு பக்கமும் அம்புக்குறி, 28, 18, 12, 32 என்று நாலு இலக்கம். அந்தச் சின்னப் படம் அரைப் பக்க எழுத்தின் வேலையைச் செய்யும், கீற ஒரு நிமிடம் போதும்.

சித்தப்பா அடுத்த தடவை வந்தபோது அந்தப் படத்தைக் காட்டினேன். நாலு இலக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது மட்டக்களப்பானுக்குக் கீறினது, எங்கட படம் எங்க என்று கேட்டார். பக்கத்திலேயே ஒரு நேர்கோடு கீறி, அதன் மேலால் வளையாமல் போகும் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.